மூன்று மடிப்பு புரோஷர்: எந்தப் பேனல் எங்கே வர வேண்டும்?

கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தை மூன்றாகப் பிரித்ததும், இடது ஓரத்தில் முகப்பு, நடுவில் அடுத்தது, வலது ஓரத்தில் கடைசி என்று வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். அப்படி வைத்து அச்சிட்டு மடித்தால் முகப்பு உள்ளே ஒளிந்துகொள்ளும், கடைசியில் வர வேண்டியது முன்னால் வந்து நிற்கும். திரையில் தெரியும் வரிசை வேறு, கையில் பிரித்துப் படிக்கும் வரிசை வேறு. இந்த இரண்டையும் பொருத்திவிட்டால் மற்றதெல்லாம் அளவுக் கணக்குதான்.

இங்கே சொல்வது ஒரு பகுதி இன்னொன்றுக்குள் நுழைந்து உட்காரும் மடிப்புக்கு. கடிதத்தை உறையில் போட மடிப்போமே, அதே மடிப்பு.

முதலில் ஒரு வெற்றுத் தாள், ஒரு பென்சில்

ஏ4 தாளை அகலவாட்டில் மேசைமேல் வையுங்கள். வலது பகுதியை இடப்பக்கமாக மடியுங்கள். பிறகு இடது பகுதியை அதன்மேல் வலப்பக்கமாக மடியுங்கள். இப்போது மேலே தெரிவதுதான் முகப்பு. அதில் 1 என்று எழுதுங்கள்.

முகப்பைப் புத்தகம் போலத் திறங்கள். இரண்டு பேனல்கள் தெரியும். இடதில் 2, வலதில் 3 என்று எழுதுங்கள். அந்த 3 உள்ளே மடிந்திருக்கும் மடலின் முதுகு. அதை ‘உள்மடல்’ என்று வைத்துக்கொள்வோம். உள்மடலை வலப்பக்கமாகத் திறந்தால் புதிதாக இரண்டு பேனல்கள் வெளிப்படும். நடுவில் 4, வலதில் 5. திரும்ப மூடி, பின்புறம் திருப்பி 6 போடுங்கள்.

இப்போது தாளை முழுதாக விரித்து இரு பக்கங்களையும் பாருங்கள். எண்கள் இப்படி இருக்கும்:

```
வெளிப்பக்கம்:  | 3 உள்மடல் | 6 பின்னட்டை | 1 முகப்பு |
உள்பக்கம்:     | 2 உள் இடது | 4 உள் நடு | 5 உள் வலது |
```

வடிவமைப்புக் கோப்பின் முதல் பக்கம் 3, 6, 1. இரண்டாம் பக்கம் 2, 4, 5. எண் போட்ட இந்தத் தாளை வேலை முடியும்வரை பக்கத்திலேயே வைத்திருங்கள். மனத்திற்குள் திருப்பிப் பார்க்கிறேன் என்று முயன்றால் இடமும் வலமும் எப்படியும் ஒரு தடவை மாறிவிடும்.

உள்மடல் ஏன் 3 மி.மீ. குறுகலாக இருக்க வேண்டும்

ஏ4 தாளின் அகலம் 297 மி.மீ. மூன்றால் வகுத்தால் ஒவ்வொன்றும் 99. அப்படியே மடித்தால் உள்மடலின் விளிம்பு எதிர் மடிப்பின் உட்புறத்தில் போய் முட்டும். தாளுக்குத் தடிமன் உண்டு, மடிப்பின் உட்புறத்தில் அந்த அளவுக்கு இடம் இல்லை. விளைவாக உள்மடல் நடுவில் லேசாகப் புடைத்துக்கொள்ளும், அல்லது முகப்பு சரியாக மூடாமல் வாய் பிளந்து நிற்கும்.

அதனால் உள்மடலை 97 மி.மீ. ஆக வைத்து, மற்ற இரண்டுக்கும் 100 மி.மீ. கொடுப்பது வழக்கம். இதில் புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு: குறுகலான பேனல் வெளிப்பக்கத்தில் இடதிலும், உள்பக்கத்தில் வலதிலும் இருக்கும். இரண்டும் ஒரே தாளின் இரு முகங்கள்தானே. ஆகவே வழிகாட்டிக் கோடுகள் இரு பக்கங்களிலும் ஒரே இடத்தில் வராது.

வெளிப்பக்கத்தில் இடது விளிம்பிலிருந்து 97, 197 மி.மீ.
உள்பக்கத்தில் இடது விளிம்பிலிருந்து 100, 200 மி.மீ.

உள்பக்கத்தின் கோடுகளை அப்படியே நகலெடுத்து வெளிப்பக்கத்தில் ஒட்டினால், முகப்பிலுள்ள எல்லாம் மடிப்பிலிருந்து 3 மி.மீ. தள்ளிப் போகும். நடுவில் நிற்க வேண்டிய தலைப்பு வலப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எந்த விஷயம் எந்தப் பேனலில்?

எண்கள் சரியாக அமைந்த பிறகும் புரோஷர் தவறாகப் படிக்கப்படலாம். காரணம் உள்மடல். முகப்பைத் திறந்தவர் கண்ணில் முதலில் படுவது அருகருகே இருக்கும் 2-உம் 3-உம். 4 இன்னும் மறைந்தே இருக்கிறது. விரித்த தாளில் 2-க்கு அடுத்து 4 இருந்தாலும், படிப்பவர் 2-ஐ முடித்ததும் 3-க்குத்தான் போவார்.

நீச்சல் வகுப்பு ஒன்றுக்குப் புரோஷர் செய்வதாக வைத்துக்கொள்வோம். உள்பக்கம் முழுவதும் நீளும்படி ‘பயத்தை விட்டு நீரில் இறங்குங்கள்’ என்று பெரிய தலைப்பு. திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முகப்பைத் திறந்ததும் 2-இல் தெரிவது ‘பயத்தை’ மட்டும். அதற்குப் பக்கத்தில் உள்மடலின் தலைப்பு ‘உங்களுக்கு எந்த வகுப்பு?’ என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ‘பயத்தை உங்களுக்கு எந்த வகுப்பு?’ என்றாகிவிடும். 2-இல் தொடங்கிய பத்தியை 4-இல் முடித்தாலும் இதே கதிதான்.

ஆகவே 2 தனக்குள்ளேயே முடிய வேண்டும். நீண்ட தலைப்பு, அகலமான அட்டவணை, பெரிய படம் எதுவானாலும் 4, 5 இரண்டின் மேலும் பரவட்டும். அவை எப்போதும் சேர்ந்தே திறக்கின்றன. அப்போதும் தலைப்பில் இரு சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி 200 மி.மீ. கோட்டில் விழும்படி நகர்த்துங்கள். மடிப்பு ஓர் எழுத்தின் மேல் விழுந்தால், மை தேயத் தேய அந்த எழுத்து படிக்க முடியாமல் போகும்.

அந்த நீச்சல் வகுப்பைத் திருத்தி அமைத்தால் இப்படி வரும். 1-இல் வகுப்பின் பெயரும் ஒரே ஒரு படமும். 2-இல் வகுப்பு எப்படி நடக்கிறது என்பது, முழுமையாக. 3-இல் ‘உங்களுக்கு எந்த வகுப்பு?’ என்ற கேள்வியும், தண்ணீரைக் கண்டாலே அஞ்சுபவர், ஓரளவு மிதக்கத் தெரிந்தவர், வேகம் கூட்ட விரும்புபவர் என்று மூன்று சிறு குறிப்புகளும். கேள்விக்கு விடை தேடிப் படிப்பவரே உள்மடலைத் திறப்பார். திறந்ததும் 4-இல் நேர அட்டவணையும் கட்டணமும், 5-இல் சேர்க்கைப் படிவம். 6-இல் முகவரி, தொலைபேசி எண், வழிப்படம்.

படிவத்தை 5-இல் வைத்ததற்குக் காரணம் உண்டு. வெட்டிக் கொடுக்கும் எதுவும் தன் முதுகையும் எடுத்துக்கொண்டே போகும். 1-இன் முதுகு 2, 6-இன் முதுகு 4, 3-இன் முதுகு 5. படிவத்தை வெட்டினால் கூடவே போவது உள்மடல். அதைப் படித்துத்தான் அவர் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார், இனி அது தேவையில்லை. படிவத்தை 4-இல் வைத்திருந்தால் தொலைபேசி எண்ணும் சேர்ந்து போயிருக்கும்.

வேர்டில் அமைக்கும் முறை

தாளை அகலவாட்டில் ஏ4 ஆக்கி, இடது, வலது ஓர இடைவெளிகளை 8 மி.மீ. என்று வையுங்கள். பேனல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி 16 மி.மீ. அது ஓர இடைவெளியைப் போல் சரியாக இரு மடங்கு இருக்க வேண்டும், ஏனென்றால் மடிப்பு அதன் நடுவில் விழுந்து பக்கத்துக்கு 8 ஆகப் பிரிகிறது. ஓரத்திலும் நடுவிலும் ஒரே 10 மி.மீ. வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் 10, மறுபக்கம் ஏறத்தாழ 5 என்று எழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

`Columns` பெட்டியில் 3 என்று கொடுத்து, `Equal column width` என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். பிறகு அகலங்களைக் கையால் இடுங்கள் (அனைத்தும் மி.மீ.):

```
பக்கம் 1:  81 | இடைவெளி 16 | 84 | இடைவெளி 16 | 84
பக்கம் 2:  84 | இடைவெளி 16 | 84 | இடைவெளி 16 | 81
```

ஓரங்களின் 8 + 8 சேர்த்துக் கூட்டினால் இரண்டும் 297 வரும். இரு பக்கங்களுக்கும் அகலங்கள் வேறு என்பதால் நடுவில் `Section Breaks` வகையில் உள்ள `Next Page` தேவை. ஒரு பேனலிலிருந்து அடுத்ததற்குப் போக `Column` முறிவைப் போடுங்கள். என்டர் விசையைத் தட்டித் தட்டித் தள்ளினால், ஒரு வரி கூடினாலே எல்லாம் இடம்பெயரும். முதல் பக்கத்தில் உள்மடல், பின்னட்டை, முகப்பு என்ற வரிசையில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். பழகும்வரை விசித்திரமாக இருக்கும்.

வேறு மென்பொருளானால் 97, 197, 100, 200 என்ற கோடுகளே போதும். அச்சகத்துக்குக் கொடுப்பதானால், விளிம்புவரை போகும் நிறத்தையும் படத்தையும் நான்கு புறமும் 3 மி.மீ. வெளியே நீட்டி வையுங்கள். கோப்பின் அளவு 303 × 216 ஆகும். அளவுகளைப் பழையபடி வெட்டு விளிம்பிலிருந்தே எண்ண வேண்டும்.

சோதனை அச்சு

இரு பக்கமும் அச்சிடும்போது `Flip on short edge` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Flip on long edge` இருந்தால் உள்பக்கம் தலைகீழாக வரும். அளவு `Actual size` அல்லது 100% ஆக இருக்கட்டும். `Fit` என்றால் தாள் முழுவதும் சற்றே சுருங்கி, மடிப்புக் கோடுகள் நடுவை நோக்கி நகரும். 97 சதவீதமாகச் சுருங்கினாலே 100-இல் இருக்க வேண்டிய கோடு 101.5-க்குப் போய்விடும்.

அச்சிட்ட தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முகப்பின் எழுத்துப் பகுதியும் அதன் முதுகான 2-இன் எழுத்துப் பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. விலகல் மேசை அச்சுப்பொறியில் வருவதுதான். 3 மி.மீ. சீராக விலகினால் குற்றம் கோடுகளில் இருக்கிறது.

மடிக்கும்போது உள்பக்கம் மேலே இருக்கட்டும். இடது விளிம்பிலிருந்து 200 மி.மீ. அளந்து, மேலும் கீழும் சிறு புள்ளி வைத்து, உள்மடலை முதலில் மடியுங்கள். பிறகு 100-இல் முகப்பை. வரிசை மாறினால் உள்மடல் வெளியே வந்துவிடும்.

ஒரு பேனலில் கரும்பச்சை, பக்கத்தில் வெள்ளை என்று நிறம் சரியாக மடிப்பில் மாறும்படி வைக்காதீர்கள். மடிப்பு அரை மி.மீ. நகர்ந்தாலும் மெல்லிய கோடாக அது தெரியும். 6-க்கும் 1-க்கும் ஒரே நிறம் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. தாள் 170 ஜி.எஸ்.எம். அல்லது அதற்கு மேல் என்றால் மடிப்பதற்கு முன் கிரீசிங், அதாவது மடிப்பு விழும் இடத்தில் அழுத்திய பள்ளக் கோடு, போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெண்மை தெரியும்.

அச்சகத்தில் ‘இசட் மடிப்பா?’ என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட வேண்டாம். விசிறி போல மடியும் அந்த வகையில் எதுவும் எதற்குள்ளும் நுழைவதில்லை. மூன்று பேனல்களும் 99 மி.மீ. தான், வரிசையும் வேறு. முகப்பு வெளிப்பக்கத்தின் வலதிலேயே இருக்கும், ஆனால் பின்னட்டையாக வருவது உள்பக்கத்தின் வலது பேனல். எண் போட்ட தாளை அச்சகத்தில் கொடுத்து, கோப்போடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். மடிப்பவர் அதைப் பார்த்தே மடிக்கட்டும்.