சாயம் தோய்க்கும் முன் கையுறையைச் சோதியுங்கள்

வீட்டில் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, மெல்லிய பாலித்தீன் கையுறையை விட்டுவிட்டு, பாத்திரம் கழுவப் பயன்படும் நீண்ட ரப்பர் கையுறையையோ தடித்த நைட்ரைல் கையுறையையோ அணியுங்கள். அதற்கு முன் அதில் காற்றை அடைத்து, வாய்ப்பகுதியைச் சுருட்டிப் பிடித்து, தண்ணீரில் அமிழ்த்தி அழுத்துங்கள். எங்கேனும் குமிழி வந்தால் அந்தக் கையுறை சாயத்துக்கு ஆகாது.

பாலித்தீன் கையுறை இரண்டு தாள்களை வெப்பத்தால் ஒட்டிச் செய்யப்படுவதால், ஈரத்துணியைப் பிழியும்போது விரலிடுக்கில் உள்ள ஒட்டு எளிதில் பிரிந்துவிடுகிறது. ஊசிமுனை அளவு துளையே போதும். விரல்களை மடக்கி நீட்டும் ஒவ்வொரு முறையும் சாயநீர் உள்ளே உறிஞ்சப்பட்டு, வெளியேற வழியின்றி, வியர்த்த தோலோடு நெடுநேரம் ஒட்டிக் கிடக்கும். வெறுங்கையில் பட்ட சாயத்தையாவது உடனே கழுவிவிடலாம். விரல்நுனியில் திடீரென ஈரம் உணர்ந்தால், வேலையை நிறுத்திக் கையைக் கழுவி, கையுறையை மாற்றுங்கள்.

கொதிக்கும் சாயத்தொட்டிக்கு இது பொருந்தாது, ஏனெனில் துளையில்லாத கையுறையும் சூட்டைத் தடுக்காது. அங்கே இடுக்கியோ நீண்ட கோலோதான் வேண்டும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் நைட்ரைலையே தேர்ந்தெடுக்க வேண்டும்.