வெள்ளிக் கொலுசுப் படத்தை வெப்சைட்டில் போட எந்த ஃபார்மட்? – ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்கு வெப்சைட் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வகைப் படங்கள் தேவை: கடையின் லோகோ, முகப்பில் பெரிதாக விரியும் சேர்வராயன் மலைக் காட்சி, பின்னணி நீக்கிய கொலுசுப் படங்கள். முதல் இரண்டுக்கும் விடை எளிது. லோகோவை வரைந்தவரிடம், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பிஎன்ஜி போதும். மலைப் படம் செவ்வகமாக, முழுதாக நிற்கும் புகைப்படம் என்பதால் ஜேபெக் போதும். பனிமூட்டம் உள்ள வானத்தில் மட்டும் தரத்தை ரொம்பக் குறைத்தால் பட்டை பட்டையாகத் தெரியும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் கொலுசில்தான். அது புகைப்படம், பின்னணியும் இருக்கக் கூடாது. ஜேபெக் புகைப்படத்தைச் சின்னதாக்கும், ஆனால் ட்ரான்ஸ்பரன்சி, அதாவது பின்னால் உள்ள நிறம் ஊடுருவித் தெரியும் வசதி, அதற்குக் கிடையாது. பிஎன்ஜிக்கு ட்ரான்ஸ்பரன்சி உண்டு, ஆனால் புகைப்படத்தை வைத்தால் கோப்பு கனத்துவிடும். இந்த ஒரு படத்தைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானே பிடிபடும்.

1. பின்னணியை நீக்கத்தான் வேண்டுமா?

கொலுசு எப்போதும் வெள்ளைப் பக்கத்தில் மட்டும்தான் வரும் என்றால் வெட்டவே வேண்டாம். வெள்ளைத் தாளில் வைத்து எடுத்த படத்தை ஜேபெக்காகப் போட்டால் வேலை முடிந்தது. நம் கடைக்கு அப்படி இல்லை. பட்டியலில் வெள்ளைப் பின்னணி, தீபாவளிச் சலுகைப் பட்டையில் அரக்கு நிறம். இரண்டிலும் அதே படம் வர வேண்டும் என்பதால் ட்ரான்ஸ்பரன்சி தேவைப்படுகிறது.

2. வெட்டுவது

படம் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைகளில் கொலுசைச் சிவப்பு வெல்வெட்டில் வைத்துக் காட்டுவது வழக்கம். கண்ணுக்கு அழகுதான், ஆனால் வெள்ளி கண்ணாடி மாதிரி சுற்றியுள்ள நிறத்தை வாங்கிக்கொள்ளும். வெட்டிய பிறகும் ஓரமெல்லாம் சிவப்பு தங்கிவிடும். வெளிர்சாம்பல் தாளில் வைத்து எடுங்கள்.

கிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்ததும் முதலில் `Layer > Transparency > Add Alpha Channel` கொடுங்கள். இதை விட்டுவிட்டால், அழித்த இடம் ட்ரான்ஸ்பரன்ட் ஆகாமல் ஏதோ ஒரு நிறத்தால் நிரம்பும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்குவது இங்கேதான். கொலுசைத் தேர்வு செய்தபின் `Select > Shrink` மூலம் ஒரு பிக்சல் உள்ளே தள்ளி, பின் தேர்வைத் திருப்பிப் போட்டு அழியுங்கள். சங்கிலி வளையங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளையும் அழிக்க மறக்காதீர்கள். வெள்ளைப் பக்கத்தில் அவை கண்ணில் படாது. அரக்குப் பட்டையில் சாம்பல் திட்டுகளாக நிற்கும்.

வெட்டிய பிறகுதான் அளவைக் குறைக்க வேண்டும். பெரிய படத்தில் வெட்டிச் சின்னதாக்கினால் ஓரம் மென்மையாக வரும். பக்கத்தில் 500 பிக்சல் அகலத்தில் காட்டப்போகிறோம் என்றால் 1000 × 1000 வைத்துக்கொள்ளலாம். இன்றைய போன் திரைகள் நெருக்கமான பிக்சல் கொண்டவை என்பதால் இந்த இரு மடங்கு. `File > Export As` வழியாக `kolusu.png` என்று சேமியுங்கள். இது நம் மூலக் கோப்பு. இனி செய்வதெல்லாம் இதிலிருந்துதான்.

3. பிஎன்ஜி ஏன் கனக்கிறது?

1000 × 1000 என்றால் 10 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ட்ரான்ஸ்பரன்சி என்று நான்கு பைட். சுருக்காமல் வைத்தால் 40 லட்சம் பைட், அதாவது ஏறக்குறைய 4 எம்பி. பிஎன்ஜி இதை ஒரு புள்ளிகூட மாறாமல் சுருக்குகிறது. ஒரே நிறம் நீண்ட தூரம் வரும் லோகோவில் அது பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் ஒரு பிக்சலைப் பார்த்தே அடுத்ததை ஊகித்துவிடலாம். கொலுசின் முத்துகளிலும் பட்டை வெட்டுகளிலும் ஒளி பிக்சலுக்குப் பிக்சல் மாறுகிறது. அங்கே ஊகிக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் எழுதி வைத்தாக வேண்டும். இருபது கொலுசு உள்ள பட்டியல் பக்கத்தை ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும் போனில் திறப்பவரை நினைத்துப் பாருங்கள்.

பிஎன்ஜியை 256 நிறத்துக்குக் குறைக்கும் வழியும் உண்டு. லோகோவுக்கு நல்ல யோசனை அது. வெள்ளியின் மெல்லிய சாம்பல் ஏற்ற இறக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும்.

4. வெப்பி

2010இல் கூகுள் வெளியிட்ட வெப்பி ஃபார்மட் நம் சிக்கலுக்கு நேரடி விடை. ஜேபெக் மாதிரி கண்ணுக்குத் தெரியாத விவரங்களை விட்டுவிட்டு நிறங்களைச் சுருக்கும். அதே சமயம் ட்ரான்ஸ்பரன்சியைத் தனியாக வைத்துக்கொள்ளும். இயல்பாக அந்தப் பகுதியை இழப்பில்லாமல் சுருக்குவதால் வெட்டிய ஓரம் கெடுவதில்லை.

பிரவுசரில் squoosh.app திறந்து `kolusu.png` கோப்பை இழுத்துப் போடுங்கள். வலப்பக்கத்தில் WebP தேர்ந்தெடுங்கள். நடுவில் உள்ள கோட்டை நகர்த்தினால் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், கீழே கோப்பின் அளவும் வரும். Quality 75இல் ஆரம்பியுங்கள். கொலுசு முழுவதையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முத்துகளின் மேல் விழும் ஒளிப்புள்ளி கூர்மையாக இருக்கிறதா, கொக்கியின் கோடுகள் குழம்புகின்றனவா என்று மட்டும் பாருங்கள். குழம்பினால் 80, 85 என்று ஏற்றுங்கள். நன்றாக இருந்தால் 70க்கு இறக்கிப் பாருங்கள். எந்த எண் சரி என்பது படத்துக்குப் படம் மாறும்.

சிவப்பு, பச்சை எனாமல் பூ வைத்த கொலுசு என்றால் இன்னொரு சோதனை. இழப்புள்ள வெப்பி, நிற விவரத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கித்தான் வைக்கிறது. அதனால் மிகச் சிறிய சிவப்புப் பூவின் நிறம் பக்கத்து வெள்ளியில் கசிந்ததுபோல் மங்கும். Quality ஏற்றினாலும் இது முழுதாகப் போகாது. கமாண்ட் லைனில் கூகுளின் வெப்பி மாற்றும் கருவியான cwebp வைத்திருப்பவர்கள் இதைச் செய்யலாம்:

```
cwebp -q 80 -sharp_yuv kolusu.png -o kolusu.webp
```

`-sharp_yuv` நிறத்தை மாற்றும்போது ஓரங்களைக் கூடுதல் கவனத்தோடு கையாளும். வேகம் குறையும், பூ தெளிவாகும்.

5. அரக்கு நிறத்தில் வைத்துப் பாருங்கள்

கீழே உள்ளதை `kolusu.webp` இருக்கும் அதே ஃபோல்டரில் ஒரு html கோப்பாகச் சேமித்து, பிரவுசரில் திறந்து பாருங்கள்:

```html
<body style="background:#5a0f1c">
<img src="kolusu.webp" width="500" height="500" alt="வெள்ளிக் கொலுசு">
</body>
```

ஓரத்தில் மெல்லிய வெளிர்க்கோடு தெரிந்தால் தவறு ஃபார்மட்டில் இல்லை, வெட்டியதில் இருக்கிறது. மூலத்துக்குத் திரும்பி இன்னொரு பிக்சல் உள்ளே தள்ளுங்கள். ஓரம் படிக்கட்டு மாதிரி இருந்தால், பாதி ட்ரான்ஸ்பரன்ட் பிக்சல்கள் இல்லாமல் கத்தரித்ததுபோல வெட்டியிருக்கிறீர்கள். ஜிஃப் ஃபார்மட்டில் எப்போதும் இப்படித்தான் வரும், ஏனென்றால் அதில் ஒரு பிக்சல் ஒன்று தெரியும் அல்லது தெரியாது, இடைநிலை கிடையாது. கொலுசைச் சுற்றி முழுக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ கட்டம் தெரிந்தால் நடுவில் எங்கோ ஜேபெக் ஆகியிருக்கிறது.

அப்படி ஆகக்கூடிய இடங்களில் முக்கியமானது வாட்ஸ்அப். படத்தைப் போட்டோவாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகிவிடும், பின்னணி நிரம்பிவிடும். கடைக்காரரிடம் கோப்பைக் கேட்கும்போது, "அண்ணா, போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜேபெக் ஆகி வந்ததை மறுபடி பிஎன்ஜியாக மாற்றினால் ட்ரான்ஸ்பரன்சி திரும்பி வராது, கோப்புதான் பெருக்கும். பெயரின் கடைசியில் `.png` என்று மாற்றி எழுதுவதும் எதையும் மாற்றாது.

ஐபோனின் சஃபாரி 2020இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து வெப்பியைக் காட்டுகிறது. அதற்கும் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு மூலக் கோப்பையே மாற்றாகக் கொடுக்கலாம்:

```html
<picture>
  <source srcset="kolusu.webp" type="image/webp">
  <img src="kolusu.png" width="500" height="500" alt="வெள்ளிக் கொலுசு">
</picture>
```

வெப்பி தெரிந்த பிரவுசர் முதல் வரியை எடுத்துக்கொள்ளும், பிஎன்ஜியை இறக்காது. தெரியாதது மட்டும் கனமான கோப்பை வாங்கும்.