32-இலிருந்து 48-க்கு: வடிகட்டி எங்கே நிற்க வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் பழைய கலியாண வீடியோ ரேப்களைத் தூக்கிக்கொண்டு ஸ்ரூடியோ தேடி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மினி DV ரேப்பில் 12 பிட் முறையில் பதிந்திருந்தால் ஒலியின் மாதிரி வீதம் 32 கிலோஹேட்ஸ்தான். இன்றைய வீடியோவுக்கு வழமையானது 48. இரண்டுக்கும் உள்ள விகிதம் 3/2. மென்பொருளில் ஒரு பொத்தானை அமுக்கினால் முடிகிற வேலைதான். ஆனால் நாமே நிரல் எழுதும்போது பெரும்பாலும் இடறுவது ஒரே இடத்தில்: வடிகட்டியை எங்கே வைப்பது என்பதில்.

முதலில் சரியான வழி. ஒவ்வொரு மாதிரிக்கும் பின்னால் இரண்டு பூச்சியங்களைச் செருகினால் வீதம் 96 ஆகும். அந்த 96-இலேயே தாழ் மீடிறன்களை மட்டும் விடும் வடிகட்டியைப் போட வேண்டும். அப்புறம் ஒன்று விட்டு ஒன்றை எறிந்தால் 48.

இதைச் சோதிக்க நாதஸ்வரப் பதிவு வேண்டாம். 10 கிலோஹேட்ஸ் சைன் அலை ஒன்று போதும். பூச்சியம் செருகியதும் அந்த அலைக்கு 22-இலும் 42-இலும் இரண்டு போலிகள் முளைக்கும் (32-இலிருந்து 10-ஐக் கழித்தாலும் 32-உடன் 10-ஐக் கூட்டினாலும் வருபவை). பலமும் அசலுக்குச் சமம். வடிகட்டியின் வேலை இந்த இரண்டையும் அழிப்பது.

சிலர் கணக்குச் சுமை குறையட்டும் என்று முதலில் பாதியை எறிந்து, 48-க்கு வந்த பிறகு வடிகட்டுகிறார்கள். 48-இல் 24-க்கு மேல் எதற்கும் இடமில்லை. அதனால் 42-இல் இருந்த போலி மடிந்து 6-இல் வந்து உட்கார்ந்துவிடும். 22-இல் உள்ளதை இப்போதும் வெட்டலாம். ஆனால் 6 என்பது இசைக்கு நடுவே. அங்கே எது போலி, எது நாதஸ்வரம் என்று எந்த வடிகட்டிக்கும் தெரியாது.

வரிசையையே தலைகீழாக்கி, முதலில் 2-ஆல் குறைத்துப் பின் 3-ஆல் கூட்டுபவர்களும் உண்டு. 32 பாதியாகி 16 ஆனதும் 8-க்கு மேற்பட்டதெல்லாம் போச்சு. வடிகட்டாமல் குறைத்தால் 10 இங்கேயும் 6 ஆகவே மடியும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்கலாம்: 10-உம் 6-உம் சேர்ந்து தெரிந்தால் வடிகட்டி பிந்திவிட்டது, 10 காணாமல் போய் 6 மட்டும் நின்றால் வரிசை பிழை.

வெட்டு மீடிறன் எவ்வளவு? உள்ளே வரும் 32-இன் பாதி 16, வெளியே போகும் 48-இன் பாதி 24; சிறியதை எடுங்கள், 16. திரும்பி 48-இலிருந்து 32-க்குப் போனாலும் அதே 16-தான். ஒரே வடிகட்டி போலியையும் அழிக்கிறது, மடிதலையும் தடுக்கிறது. இரண்டு வடிகட்டி வேண்டியதில்லை. ஆனால் இந்த 16-ஐ 96-இன் அளவில் சொல்ல வேண்டும். 32-ஐ அடிப்படையாகக் கொடுத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் நிறையப்பேர்.

```python
from scipy.signal import firwin, upfirdn

h = 3 * firwin(96, 14300, fs=96000)
y = upfirdn(h, x, up=3, down=2)
```

16000 என்று எழுதாததற்குக் காரணம், `firwin` கேட்கும் புள்ளியில் வீச்சம் பாதிதான் குறைந்திருக்கும். 96 குணகங்களுக்குச் சரிவு ஏறக்குறைய 3.3 கிலோஹேட்ஸ் அகலம். 16-இல் முழுதாக அடங்க வேண்டுமானால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். இன்னும் மேலே ஒலி வேண்டுமென்றால் குணகங்களைக் கூட்டுங்கள்.

அந்த `3 *`-ஐ மறந்தால் ஒலி மூன்றிலொன்றாக, அதாவது ஏறத்தாழ 9.5 டெசிபல், இறங்கிவிடும். பூச்சியங்கள் சராசரியை இழுத்துவிடுகின்றன. `resample_poly` இதைத் தானே பெருக்கிக்கொள்ளும். நீங்கள் கொடுக்கும் குணகங்களையும் பெருக்கும். அங்கேயும் 3 போட்டால் ஒலி வெடிக்கும்.

கடைசியாக வேகம். பூச்சியத்தைப் பெருக்குவதும், எறியப்போகும் மாதிரியைக் கணிப்பதும் வீண். 96 குணகங்களை மூன்று குழுவாக, குழுவுக்கு 32 ஆகப் பிரித்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு குழு போதும். நொடிக்கு 92 லட்சம் பெருக்கல்கள் 15 லட்சமாகக் குறையும். `upfirdn` உள்ளே செய்வதும் இதைத்தான். நீங்களே எழுதினால் குழுக்கள் வரும் ஒழுங்கைக் கவனியுங்கள்: 0, 1, 2 அல்ல, 0, 2, 1. ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டாகத் தாண்டுகிறோம் அல்லவா? ஒழுங்கு மாறினால் மூன்று மாதிரிக்கு ஒருமுறை திரும்பி வரும் பிழை உண்டாகும். 10-ஐ அனுப்பினால் அதே 6-உம் 22-உம் மீண்டும் தலைகாட்டும். 1 கிலோஹேட்ஸ் அனுப்பினால் 15-இலும் 17-இலும் இரண்டு கோடுகள். வடிகட்டியைக் குறை சொல்லி அதை நீட்டிக்கொண்டே போகாமல், முதலில் `upfirdn` தரும் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.