மாதாமாதம் டாலர் வாங்கினால் சராசரி விலை எவ்வளவு? இரண்டு முறைகளும் ஒரு கணக்கும்

வெளிநாட்டுப் பணத்தை ஒரேயடியாக வாங்காமல் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க இரண்டு வழிகள் உண்டு. விலை என்னவானாலும் மாதம் 100 டாலர் என்று வாங்கலாம். அல்லது நம் கையிலிருந்து மாதம் 10,000 என்று ஒதுக்கி, அதற்கு எத்தனை டாலர் கிடைக்கிறதோ அத்தனை வாங்கலாம். முதலாவதை ‘நிலையான டாலர்’ முறை என்றும், இரண்டாவதை ‘நிலையான தொகை’ முறை என்றும் வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காகத்தான் டாலர் என்கிறேன். எந்த இரண்டு நாட்டுப் பணத்துக்கும் இதே கணக்குதான்.

ஒரே நாட்களில், ஒரே விலைகளில் வாங்கினாலும் இந்த இரண்டு முறைகளும் வெவ்வேறு சராசரி விலையைத் தரும். அது ஏன், வித்தியாசம் எவ்வளவு, அதை எப்போது நம்பலாம் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

படி 1: நான்கு மாத விலையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு டாலரின் விலை முதல் மாதம் 80, அடுத்த மாதம் 100, மூன்றாம் மாதம் 125, நான்காம் மாதம் மறுபடி 100 என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் விலை இந்த அளவுக்குத் தாவுவது அபூர்வம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே பெரிதாக எடுத்திருக்கிறேன்.

படி 2: நிலையான டாலர்

மாதம் 100 டாலர் வாங்கினால் கொடுக்கும் தொகை 8,000, 10,000, 12,500, 10,000. மொத்தம் 40,500. கையில் 400 டாலர். 40,500-ஐ 400-ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு 101.25. நான்கு விலைகளையும் கூட்டி நான்கால் வகுத்தாலும் இதேதான் வரும். பள்ளியில் படித்த சாதாரண சராசரி.

படி 3: நிலையான தொகை

மாதம் 10,000 கொடுத்தால் கிடைப்பது 125, 100, 80, 100 டாலர். மொத்தம் 40,000 கொடுத்து 405 டாலர். ஒரு டாலருக்கு 98.77.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். டாலர் 80-க்கு விற்ற மாதத்தில் 125 டாலர் வந்திருக்கிறது. 125-க்கு ஏறிய மாதத்தில் 80 டாலர்தான் வந்திருக்கிறது. மலிவான மாதத்தில் தானாகவே அதிகமாகவும், விலை ஏறிய மாதத்தில் தானாகவே குறைவாகவும் வாங்கியிருக்கிறோம். அதனால் மலிவான விலைக்குச் சராசரியில் எடை கூடிவிடுகிறது. இப்படி வரும் சராசரிக்கு இசைச் சராசரி என்று பெயர். விலை மாறிக்கொண்டே இருக்கும் வரை இது சாதாரணச் சராசரியைவிட எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். எல்லா மாதமும் ஒரே விலை என்றால் மட்டும் இரண்டும் சமம்.

படி 4: வித்தியாசம் உண்மையில் எவ்வளவு?

இதைத்தான் பலர் பெரிதாக நம்பிவிடுகிறார்கள். இரண்டே மாதங்களை எடுத்துக்கொள்வோம். விலை 98, 102 என்றால் சாதாரணச் சராசரி 100. இசைச் சராசரி 99.96. அதாவது 10,000-க்கு 4 மிச்சம். விலை 90, 110 என்றால் 99. விலை 80, 120 என்றால் 96. ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் நான்கு மடங்காகிறது. அதே காரணத்தால், ஏற்ற இறக்கம் சிறிதாக இருக்கும்போது வித்தியாசம் அநேகமாக மறைந்தே போகிறது. விலை இரண்டு சதவீதம் அங்கே இங்கே ஆடும் பணத்தில், ஒவ்வொரு முறையும் பிடிக்கப்படும் கட்டணமே இந்த மிச்சத்தை எளிதில் விழுங்கிவிடும்.

இன்னொன்று. சராசரி விலை குறைந்தது என்பதை லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலையான டாலர் முறையோடு ஒப்பிட்டால் மலிவு, அவ்வளவுதான். விலை பின்னால் எங்கே போகும் என்பதற்கு இது எந்த உத்தரவாதமும் தராது.

படி 5: உங்களுக்கு எத்தனை டாலர் தேவை?

என்னைக் கேட்டால் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தக் கேள்வியை வைத்துத்தான்; சராசரியை வைத்து அல்ல. நான்கு மாத முடிவில் 400 டாலர் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தடவை விலை 100, 105, 110, 115 என்று ஏறிக்கொண்டே போகிறது.

மாதம் 100 டாலர் வாங்கியவர் மொத்தம் 43,000 கொடுத்து 400 டாலர் வைத்திருக்கிறார். சராசரி 107.50.

முதல் மாத விலையைப் பார்த்து ‘மாதம் 10,000 போதும்’ என்று முடிவு செய்தவருக்கு 100, 95.24, 90.91, 86.96 என்று குறைந்துகொண்டே வந்து மொத்தம் 373.10 டாலர்தான் சேர்கிறது. அவருடைய சராசரி 107.21. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் 26.90 டாலர் வேண்டும். அதைக் கடைசி மாத விலையான 115-க்கே வாங்கினாலும் 3,093 ஆகிறது. மொத்தச் செலவு 43,093. குறைந்த சராசரி காட்டிய முறை, தேவையை நிறைவேற்றி முடிக்கும்போது அதிகச் செலவில் வந்து நிற்கிறது. விடுபட்ட டாலரையெல்லாம் உச்ச விலையில் வாங்கியதுதான் காரணம்.

ஆகவே டாலரில் ஒரு பாக்கி நிற்கிறது என்றால் டாலரை நிலையாக வையுங்கள். மாதச் செலவு ஏறி இறங்கும் என்பதற்குத் தயாராக இருங்கள். சேமிப்பாக வாங்குகிறீர்கள், எத்தனை சேர்ந்தாலும் சரி, ஆனால் மாதக் கணக்கு உதைக்கக் கூடாது என்றால் தொகையை நிலையாக வையுங்கள்.

படி 6: உங்கள் சொந்தக் கணக்கைச் சரிபார்ப்பது

விரிதாளில் முதல் வரியைத் தலைப்புகளுக்கு விட்டுவிட்டு, B நெடுவரிசையில் விலை, C-யில் கணக்கிலிருந்து கழிந்த முழுத்தொகை, D-யில் கைக்கு வந்த டாலர் என்று எழுதுங்கள். நான்கு மாதத்துக்கு:

```
=SUM(C2:C5)/SUM(D2:D5)
=AVERAGE(B2:B5)
=HARMEAN(B2:B5)
```

முதல் வரி தருவதுதான் நீங்கள் உண்மையில் கொடுத்த சராசரி. எந்த முறையில் வாங்கினாலும், இடையில் முறையை மாற்றினாலும் அது பொய் சொல்லாது. நிலையான டாலர் என்றால் அது இரண்டாம் வரியோடும், நிலையான தொகை என்றால் மூன்றாம் வரியோடும் ஒட்டி வர வேண்டும். அதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த இடைவெளிதான் நீங்கள் கட்டிய கட்டணம். C-யில் கட்டணத்தையும் சேர்த்து எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

விலை தலைகீழாகக் காட்டப்படும் இடங்களில் மட்டும் கவனம் தேவை. ‘ஒரு டாலருக்கு இவ்வளவு’ என்று இல்லாமல் ‘நம் பணம் ஒன்றுக்கு இத்தனை டாலர்’ என்று போட்டிருந்தால், முதல் உதாரணத்தின் விலைகள் 0.0125, 0.01, 0.008, 0.01 என்று தெரியும். இவற்றின் சாதாரணச் சராசரி 0.010125. அதைத் திருப்பினால் 98.77, அதாவது நிலையான தொகை முறையின் விடை. எனவே அந்தப் பட்டியலை B-யில் அப்படியே ஒட்டிவிட்டால் AVERAGE-உம் HARMEAN-உம் இடம் மாறிவிடும். ஒவ்வொரு விலையையும் முதலில் வேறொரு நெடுவரிசையில் `=1/B2` என்று திருப்பிக்கொண்டு, அந்த எண்களை வைத்துச் சராசரி எடுங்கள்.