பாட்டியின் ‘ஒரு பிடி’ எத்தனை கிராம்? கையெழுத்துச் சமையல் குறிப்பைப் படித்துச் சமைப்பது

சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பழுப்பேறிய ஒற்றைத்தாள், நடுவே பெரிய எண்ணெய்க்கறை, பேனா மையில் பாட்டி எழுதிய புளிக்காய்ச்சல். அதில் இருந்தது இவ்வளவுதான்:

“புளிகாச்சல். ஆழாக்கு அரிசி 4க்கு. புளி பெரிய எலுமிச்சை 2. மி.வ. 15 + 8. தனியா 1 பிடி. க.ப. ௸. எள் உள்ளங்கை. வெ. 1 ஸ்பூன் சிவக்க. வாசனை வர வறுத்து பொடி. காயம் சுண்டக்கா. ந.எ. தாராளமா. உப்பு திட்டமா. எண்ணை கக்கி வந்ததும் பொடி போட்டு இறக்கவும்.”

இதைச் சமைக்கக்கூடிய அளவுகளாக மாற்றிய கதைதான் இந்தப் பதிவு. உங்கள் வீட்டுத் தாளில் இருப்பது மீன்குழம்போ மைசூர்பாகோ, வழி ஒன்றுதான்.

1. நல்ல படம் கேட்டு வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுத்தான் வரும். மெல்லிய புள்ளிகளும் கூட்டல் குறிகளும் அதில்தான் காணாமல் போகின்றன. எனக்கு முதலில் வந்த படத்தில் மிளகாய் “15 8” என்று இருந்தது. 158 மிளகாயா என்று பதறிப்போய், அதே படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னேன். நடுவில் மங்கலாக ஒரு கூட்டல் குறி தெரிந்தது. 15 பொடிக்கு, 8 தாளிக்க.

படம் எடுப்பவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். தாளின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். பின்பக்கப் படம் கையில் இருந்தால் எது எந்தப் பக்கத்து எழுத்து என்று பிரித்துவிடலாம்.

2. உள்ளது உள்ளபடி எழுதுங்கள்

சமைப்பதை மறந்துவிட்டு, தாளில் இருப்பதை வரிக்கு வரி நோட்டில் எழுதுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், புரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள். யூகத்தையும் வாசிப்பையும் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரத்தை யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழியாக எழுத்தோடு சேர்த்தே எழுதுவார்கள். ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் போடாமல் எழுத்தையே கீழே சுழிப்பார்கள். பழகிய கை, சீர்திருத்தத்துக்குப் பிறகும் அப்படியேதான் எழுதியது. “எண்ணை” என்ற சொல்லை நான் ஏதோ கோலம் என்றே நினைத்தேன்.

அடுத்தது அந்த ௸. இதை மைக்கறை என்று தாண்டிப் போகவிருந்தேன். இது ‘மேற்படி’ என்பதற்கான குறி. பழைய கணக்கு நோட்டுகளிலும் கடிதங்களிலும் நிறைய வரும். ஆக, கடலைப்பருப்பும் தனியா போலவே ஒரு பிடி. இன்னும் பழைய ஏடாக இருந்தால் கால் அளவை ‘வ’ என்று எழுதியிருக்கலாம். ஔவையார் பேரில் வழங்கும் “எட்டேகால் லட்சணமே” நினைவிருக்கிறதா? தமிழ் எண்ணில் 8 ‘அ’, கால் ‘வ’. சேர்த்தால் அவலட்சணம்.

சுருக்கெழுத்துகளில் ஆபத்தானது ‘வெ.’ வெந்தயமா, வெல்லமா? புளிக்காய்ச்சலில் இரண்டும் போடுபவர்கள் உண்டு, இரண்டுக்குமே ஒரு ஸ்பூன் பொருந்தும். இங்கே பக்கத்துச் சொல்தான் சாட்சி. “சிவக்க” என்று இருக்கிறது, வறுக்கிற பட்டியலில் இருக்கிறது. வெல்லத்தை யாரும் சிவக்க வறுத்துப் பொடிப்பதில்லை. எனவே வெந்தயம்.

“திட்டமா” என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் தம்பி மகள் இதை ‘பிளான் பண்ணி’ என்று படித்தாள். அளவாக, கூடாமல் குறையாமல் என்று பொருள்.

3. உறுதியான ஓர் அளவைப் பிடியுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக கிராமாக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிழை சேர்ந்து, கடைசியில் எங்கோ போய் நிற்கும். தாளில் நிச்சயமான அளவு ஒன்றாவது இருக்கும். அதை முதலில் கணக்கிட்டு, மற்றதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் தாளில் அது அரிசி. ஆழாக்கு சுமார் 168 மில்லி. எட்டு ஆழாக்கு ஒரு படி. (படியே ஊருக்கு ஊர் மாறியது. வீட்டில் பழைய ஆழாக்கு கிடந்தால் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள், அதுதான் உங்கள் வீட்டு ஆழாக்கு.) நாலு ஆழாக்கு என்றால் 670 மில்லி, அரிசியில் சுமார் 550 கிராம்.

இப்போது புளிக்கு வருவோம். எலுமிச்சை அளவுப் புளி என்றால் 25, 30 கிராம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பாட்டி “பெரிய” என்கிறார். அந்த 550 கிராம் அரிசிக்கு இரண்டு உருண்டையும் சேர்ந்து 60 கிராம்தான் என்றால் புளிப்பு எடுபடாது. 100 கிராம் என்றால் சரியாக வருகிறது. ஆக, பாட்டியின் பெரிய எலுமிச்சை கொட்டை, நார் எடுத்த புளியில் 50 கிராம். கொட்டையோடு உள்ள புளி என்றால் அதைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும்.

4. கையை எடை போடுங்கள்

‘ஒரு பிடி’ என்பது எடை அல்ல, கொள்ளளவு. இதை விட்டுவிட்டால் ௸ குறி உங்களை ஏமாற்றும். என் சித்தியின் மூடிய கைப்பிடி கிட்டத்தட்ட மூன்று மேசைக்கரண்டி. அதே பிடி தனியாவில் 15 கிராம்தான் வருகிறது. கடலைப்பருப்பில் 35 கிராம். தனியா உள்ளே காற்று நிறைந்த விதை, பருப்பு நெருங்கி உட்காரும்.

யாருடைய கை என்பதும் முக்கியம். என் கைப்பிடி சித்தியுடையதைப் போல ஒன்றரை மடங்கு. அதனால் பாட்டியோடு நின்று சமைத்த கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சித்தியிடம் தராசைக் கொடுத்து அளக்கச் சொன்னபோது அவர் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் பிடியைக் குறைத்தார், கூட்டினார். எனவே ஒரு சின்ன தந்திரம் செய்தேன். தனியா டப்பாவை அப்படியே தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, அவரிடம் “வழக்கம்போல எடுங்க சித்தி” என்றேன். எடுத்த பிறகு டப்பாவை மறுபடி எடை போட்டால் வித்தியாசம்தான் பிடி. ஐந்து முறை எடுக்கச் சொல்லி நடு எண்ணை வைத்துக்கொண்டேன்.

‘உள்ளங்கை’ என்பது பிடி இல்லை. விரலை மூடாமல் உள்ளங்கைக் குழியில் நிற்கிற அளவு. எள்ளில் அது 10 கிராம் பக்கம் வந்தது. சுண்டைக்காய் அளவு காயம் என்பது கட்டிப் பெருங்காயம், எண்ணெயில் பொரிப்பது. உங்களிடம் தூள்தான் இருக்கிறது என்றால் அரை டீஸ்பூனில் தொடங்குங்கள்.

5. ‘வாசனை வர’ என்பது ஒரே வாசனை இல்லை

தாளில் ஒரு வரியாக எழுதிவிட்டதால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் வேறு நேரத்தில் தயாராகும்.

சிறு தீயில் தனியாவை முதலில் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் ஒரு சாயல் மாறும், எலுமிச்சைத்தோல் போன்ற மணம் எழும். அங்கே நிறுத்த வேண்டும். எள்ளுக்கு மூக்கைவிடக் காது நல்லது. படபடவென்று வெடித்து, வெடிப்பு அடங்கத் தொடங்கும்போது இறக்குங்கள். மிளகாய் பளபளத்து லேசாக உப்பினால் போதும். இருமல் வந்தால் தாண்டிவிட்டது.

வெந்தயத்துக்குத்தான் கவனம் முழுக்க வேண்டும். வெளிர் மஞ்சளிலிருந்து செம்பொன்னுக்கு மெதுவாகப் போகும், அங்கிருந்து கருஞ்சிவப்புக்கு சில நொடிகளில் ஓடிவிடும். கருஞ்சிவப்பு வந்தால் கசப்பு வந்தாயிற்று. அந்த ஒரு ஸ்பூன் மொத்தத்தையும் கெடுக்கும், கொட்டிவிட்டு வேறு வறுங்கள். செம்பொன் நிறம் வந்ததும் சூடான வாணலியில் விடாமல் தட்டில் கொட்டுங்கள், வாணலிச் சூடே மீதியை வறுத்துவிடும்.

6. ‘எண்ணெய் கக்கி’

நான் முதல் முறை கவிழ்ந்தது இங்கேதான். பன்னிரண்டு நிமிடத்தில் குழம்பு கெட்டியாகிவிட்டது, போதும் என்று இறக்கிவிட்டேன். ருசி மோசமில்லை. வெளியே பாட்டிலில் வைத்திருந்தேன், நாலாம் நாள் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. சித்தியிடம் “எண்ணெய் கக்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டேன்.

“கக்கற வரைக்கும்தான். இதுக்கு என்ன கணக்கு?”

கணக்கு இல்லைதான், அடையாளம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை எண்ணெய் அதோடு கலங்கியே நிற்கும். தண்ணீர் வற்றிய பிறகுதான் பிரிந்து ஓரத்தில் வளையம் கட்டும். கெட்டியாவது வேறு, வற்றுவது வேறு. முதலில் சளசளவென்று சின்னக் குமிழிகள், பிறகு ‘டொப் டொப்’ என்று பெரிய குமிழிகள் வெடித்து அடுப்பெல்லாம் தெறிக்கும். நான் இறக்கியது அந்தக் கட்டத்தில். இன்னும் விட்டால் தெறிப்பது அடங்கும், கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் கோடு நிற்கும், அந்தக் கோட்டுக்குள் எண்ணெய் ஊறி வரும். 100 கிராம் புளிக்கு அகலமான வாணலியில் எனக்கு அரை மணி நேரம் ஆனது. “தாராளமா” என்றதன் அளவும் இதிலேயே தெரிந்தது: 60 மில்லி நல்லெண்ணெயில் வளையமே கட்டவில்லை, அடிதான் பிடித்தது. 110 மில்லியில் ஒழுங்காக வந்தது.

7. முதல் சமையல் கால் பங்கில்

ஒரு ஆழாக்கு அரிசிக்கு மட்டும் செய்து பாருங்கள். நான் போட்டது: புளி 25 கிராம், மிளகாய் பொடிக்கு 4, தாளிக்க 2, தனியா 4 கிராம், கடலைப்பருப்பு 9, எள் 3, வெந்தயம் கால் டீஸ்பூன், காயத்தூள் இரண்டு சிட்டிகை, நல்லெண்ணெய் 30 மில்லி. கடுகு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை தாளில் இல்லை. அதை எழுதித் தெரிய வேண்டிய ஆளுக்கு பாட்டி எழுதவில்லை. தாளிக்கிற குறிப்பு எதிலும் இந்த மூன்றும் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள்.

உப்புக்கு ஒரு டீஸ்பூன் பொடி உப்பு. பாட்டி போட்டது கல்லுப்பு. கல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அதே கரண்டியில் பொடி உப்பு கூடுதலாக விழும். புளிக்காய்ச்சலைத் தனியாக நக்கிப் பார்த்தால் உப்பு தூக்கலாகத்தான் இருக்க வேண்டும், வெறும் சாதத்தில் கலந்த பிறகே அது திட்டமாகும். அதனால் ருசி பார்ப்பதை சாதத்தோடு பாருங்கள்.

சரியில்லை என்றால் அடுத்த முறை ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். எனக்கு மூன்றாவது முறை காரம் மட்டும் குறைவாக இருந்தது. சித்தியிடம் கேட்டதில், பாட்டி வாங்கியது குண்டு மிளகாயாம், நான் போட்டது நீட்டு மிளகாய். எண்ணிக்கை சரி, மிளகாய்தான் வேறு. புதிய தாளில் பாட்டியின் “மி.வ. 15 + 8” வரியை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘குண்டு’ என்று பென்சிலில் சேர்த்திருக்கிறேன்.