'நான் விடுப்பு வேண்டும்': எழுவாய் தடுமாறும் வாக்கியங்கள்

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாக்கியம் இது: "நான் ஒரு நாள் விடுப்பு வேண்டும்." எழுதியவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். பேசும்போது "எனக்கு ஒரு நாள் லீவு வேணும்" என்று சரியாகத்தான் சொல்வார். பேனாவை எடுத்ததும், வாக்கியம் என்றால் எழுவாயில் தொடங்க வேண்டும், எழுவாய் என்றால் 'நான்' என்று மனம் ஓடிவிடுகிறது. வாய்க்குத் தெரிந்தது கைக்கு மறந்துபோகிறது.

பசி, வலி, தேவை, விருப்பம், தெரிதல் எல்லாம் நாம் செய்கிற வேலைகள் அல்ல; நமக்கு நேர்பவை. அதனால் தமிழ் அந்த ஆளை எழுவாயாக வைக்காமல் 'கு' சேர்த்து நிறுத்துகிறது. எனக்குப் பசிக்கிறது, உனக்குப் பசிக்கிறது, அவர்களுக்குப் பசிக்கிறது. ஆள் மாறிக்கொண்டே போகிறார், வினை அசையவில்லை. பள்ளியில் நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி என்று பொருள்களை மனப்பாடம் செய்தோம். அந்த வரிசையில் 'உணர்பவர்' தனியாக இல்லை. அதனால்தானோ என்னவோ, தினமும் பயன்படுத்துகிற இந்த 'கு' எழுதும்போது கவனத்துக்கு வருவதில்லை.

"நான் பசிக்கிறது" என்று யாரும் எழுதுவதில்லை, காதே தடுத்துவிடும். 'வேண்டும்', 'தெரியும்', 'பிடிக்கும்', 'தெரியவில்லை' ஆகியவற்றில்தான் பிழை ஒளிந்துகொள்கிறது. இந்த வடிவங்களின் முடிவில் '-ஏன்', '-ஆர்கள்' போன்ற விகுதி இல்லை. அதனால் பக்கத்தில் 'நான்' இருந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது.

முதலில் விடுப்புக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாகத் திருத்தலாம். "எனக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டும்." "நான் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும்." "ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன்." மூன்றிலும் ஒரே வினைதான், ஆனால் அமைப்பு வேறு. 'வேண்டும்' என்பதற்கு முன்னால் பெயர்ச்சொல் மட்டும் இருந்தால் அது தேவை; ஆளுக்குக் 'கு' வரும். 'எடுக்க', 'போக', 'படிக்க' என்று ஒரு வினை வந்துவிட்டால், அந்த வேலையைச் செய்பவர் எழுவாயாகவே நிற்பார். மூன்றாவதில் 'வேண்டுகிறேன்' என்பது கேட்டுக்கொள்வது. அது முழுக்க என் செயல் என்பதால் '-ஏன்' விகுதி வந்துவிட்டது. "நான் விடுப்பு வேண்டும்" என்று எழுதியவர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கி, 'எடுக்க' என்பதை விட்டுவிட்டு, முதல் வாக்கியத்தில் முடித்திருக்கிறார். பெரும்பாலும் நடப்பது இதுதான்.

தலைகீழாகவும் நடக்கும். பேச்சில் "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்பது உண்டு. போக ஆசையாக இருக்கிறது என்ற பொருளில் சொல்கிறோம். எழுத்தில் அதை அப்படியே கொண்டுவந்தால் சில இடங்களில் பொருள் புரண்டுவிடும். "அம்மா மருந்து வாங்க வேண்டும்" என்றால் கடைக்குப் போவது அம்மா. "அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும்" என்றால் மருந்து அம்மாவுக்கு, வாங்கப்போவது வேறு யாரோ. எழுத்தில் வேலை செய்பவரை 'கு' இல்லாமல் நிறுத்துவதே பாதுகாப்பு.

அடுத்தது 'தெரியும்'. எனக்கு மிகவும் பிடித்த வினை இது, ஏனென்றால் ஓர் உருபு மாறினால் முழு உலகமும் மாறிவிடுகிறது. "எனக்கு அவரைத் தெரியும்" என்றால் அவர் எனக்கு அறிமுகமானவர். "எனக்கு அவர் தெரிகிறார்" என்றால் அவர் என் கண்ணுக்குப் படுகிறார். முதலாவதில் அவருக்கு 'ஐ' சேர்ந்துவிட்டதால் எழுவாய் என்று எதுவும் இல்லை. வினை பொதுவாக 'தெரியும்' என்றே நின்றுவிடுகிறது. இரண்டாவதில் 'அவர்' எழுவாய், வினை அவரோடு இசைந்து 'தெரிகிறார்' ஆகிறது. "எனக்கு மலைகள் தெரிகின்றன" என்பதிலும் பன்மை வருவது மலைகளால்தான், என்னால் அல்ல. ஆக, 'கு' பெற்றவரை வினை ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. உருபு எதுவும் இல்லாமல் ஒரு பெயர் நின்றால் அதைப் பார்க்கும். இல்லையென்றால் 'அது' என்பதற்கு வரும் முடிவோடு சும்மா இருந்துவிடும்.

இதை மறந்தால், "எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறார்கள்" என்பது போன்ற வாக்கியம் வரும். 'அவர்களை' என்று 'ஐ' வந்த பிறகு '-ஆர்கள்' வர வழியில்லை. "எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது" என்பதே சரி. 'ஐ' எங்கே தேவை என்பதும் கேள்விதான். "எனக்குப் பூனை பிடிக்கும்" என்று பொதுவாகச் சொல்லலாம். குறிப்பிட்ட ஒன்று என்றால் "அந்தப் பூனையைப் பிடிக்கும்" என்பது தெளிவு. மனிதர் என்றால் எழுத்தில் 'ஐ' விடவே கூடாது. 'கு' தவறினாலோ கதையே வேறு: "நான் பூனையைப் பிடித்தேன்" என்றால் ஓடிய பூனை கையில் சிக்கிவிட்டது.

'ஐ', 'கு' இரண்டும் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல இணை எனக்குக் கிடைத்ததில்லை: "இங்கே எனக்கு யாரையும் தெரியாது." "இங்கே என்னை யாருக்கும் தெரியாது." முதலாவது புது இடத்தில் வந்து விழித்துக்கொண்டு நிற்பவர் சொல்வது. இரண்டாவதை ஒளிந்து வாழ்பவரும் நிம்மதியாகச் சொல்லலாம். "யாரும் தெரியாது" என்று உருபை விட்டு எழுதினால் யார் யாரை அறியவில்லை என்பது நழுவிவிடும்.

நீளமான வாக்கியங்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். "புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் இன்னும் எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை." இது பிழை, 'மாணவர்களுக்கு' என்று வர வேண்டும். ஆனால் "புதிதாகச் சேர்ந்த மாணவர்கள், எழுத்துகள் சரியாகத் தெரியாததால், மெதுவாகப் படிக்கிறார்கள்" என்பது சரி. இங்கே 'மாணவர்கள்' போய்ச் சேர்வது 'படிக்கிறார்கள்' என்ற வினையில். நடுவில் இருக்கும் 'தெரியாததால்' என்பதோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. அவசரப்பட்டு அதை 'மாணவர்களுக்கு' என்று திருத்த வேண்டியதில்லை. நான் செய்வது இதுதான்: உருபில்லாமல் நிற்கும் பெயரில் விரலை வைத்து, அதற்குரிய வினை எது என்று வாக்கியத்தின் கடைசிவரை தேடுவேன். கிடைத்தால் சரி. கிடைக்காமல் 'தெரியவில்லை', 'பிடிக்கும்' என்று வாக்கியம் முடிந்துவிட்டால், அங்கே ஒரு 'கு' தொலைந்திருக்கிறது.

கோபம், வெட்கம், பயம் ஆகியவற்றுக்கு இரண்டு வழி உண்டு. "எனக்குக் கோபம் வந்தது", "நான் கோபப்பட்டேன்" இரண்டும் சரி. ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டி "நான் கோபம் வந்தது" என்றோ "எனக்குக் கோபப்பட்டேன்" என்றோ எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒற்று. 'கு', 'ஐ' இரண்டுக்கும் பின்னால் க, ச, த, ப வரிசைச் சொல் வந்தால் வல்லினம் மிகும்: எனக்குத் தெரியும், அவளுக்குப் பிடிக்கும், உங்களைத் தெரியும். 'வேண்டும்' வகரத்தில் தொடங்குவதால் "எனக்கு வேண்டும்" என்பதில் ஒற்று இல்லை. "எனக்கு அவரைத் தெரியும்" என்பதில் 'எனக்கு' என்பதற்குப் பின் உயிரெழுத்து, அங்கே ஒற்று வராது. 'அவரை' என்பதற்குப் பின் தகரம், அங்கே வரும்.