கரப்பான் உள்ள பிள்ளையின் அலர்ஜி இரத்த அறிக்கையை வாசிப்பது எப்படி?

உப்புவெளியில் இருக்கும் சித்தி மகள் ஒரு மாலை அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பினாள். "அக்கா, முட்டை, பால், கோதுமை, இறால் எல்லாத்துக்கும் அலர்ஜி எண்டு வந்திருக்கு. இனி இவனுக்கு என்னத்தைக் குடுக்கிறது?" மகனுக்கு மூன்று வயது. கைமடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான், அதாவது எக்ஸிமா. அம்மம்மா அதற்குள் முட்டைத் தட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால் இந்தத் தாளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவளுக்குச் சொன்ன ஒழுங்கிலேயே இங்கும் எழுதுகிறேன்.

படி 1: இரத்தம் எடுக்குமுன் ஒரு பட்டியல்

பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் உணவுகளை எழுதுங்கள். எதையாவது சாப்பிட்டுச் சில நிமிடம் முதல் இரண்டு மணிநேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு வந்ததா என்றும் குறியுங்கள். அறிக்கையைத் திறக்கும் சாவி இந்தப் பட்டியல்தான். வெறும் வயிறு தேவையில்லை. அரிப்புக்குக் கொடுக்கும் அன்டிஹிஸ்டமின் மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை. அது தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குத்தான் இடைஞ்சல்.

படி 2: முதலில் மொத்த ஐஜிஇ

ஐஜிஇ என்பது ஒவ்வாமையோடு தொடர்புள்ள பிறபொருளெதிரி. இவனுடைய அளவு 1,450. தாளில் இருந்த மேல்வரம்பு 60. பார்த்ததும் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும். ஆனால் கரப்பான் உள்ள பிள்ளைகள் பலருக்கு இது ஏறித்தான் நிற்கும். எந்த உணவு காரணம் என்று இந்த எண் சொல்லாது. மொத்தம் இவ்வளவு உயர்ந்திருக்கும்போது தனித்தனி வரிகளிலும் சின்னச் சின்ன பொசிட்டிவ்கள் வருவது சகஜம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

படி 3: ஒவ்வொரு வரியையும் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள்

தனிப்பொருள் ஐஜிஇ பொதுவாக 0.35-ஐத் தாண்டினால் பொசிட்டிவ் என்று அச்சாகும். இவனுக்கு முட்டை வெள்ளைக்கரு 0.9, பால் 0.5, கோதுமை 0.6, இறால் 2.8, வீட்டுத்தூசிப் பூச்சி 61.

முட்டை? காலையில் அவித்த முட்டை தின்றுவிட்டு ஒன்றும் நடக்காமல் விளையாடுகிறவன். பால்தேத்தண்ணியும் பாணும் தினசரி. அப்படியென்றால் இந்த மூன்று வரிகளும் உடம்பு அந்தப் புரதங்களை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. வெடித்த தோல் வழியாகவே உணவுத் துகள் உள்ளே போய் இந்தப் பிறபொருளெதிரிகள் உருவாகலாம். பல பிள்ளைகளில் கரப்பான் முந்தியது, பொசிட்டிவ் பிந்தியது. நாங்கள் தலைகீழாக வாசித்து, முட்டைதான் கரப்பானைக் கொண்டுவந்தது என்கிறோம்.

இறால் வேறு கதை. கிரந்தி என்று சொல்லி அம்மம்மா அவனுக்கு இன்னும் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. இறாலில் உள்ள ட்ரொபோமயோசின் என்ற தசைப்புரதத்துக்கு மிக நெருங்கிய சாயல் தூசிப் பூச்சியிலும் உண்டு. பூச்சிக்கு 61 காட்டும் உடம்பு, ஆள்மாறாட்டத்தில் இறாலுக்கும் 2.8 காட்டியிருக்கலாம். உண்மையான இறால் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். தாளை வைத்து இதைத் தீர்க்க முடியாது. முதல் வாய் இறால் எங்கே, எப்படி என்று வைத்தியரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

தூசிப் பூச்சிக்கு வந்த 61-ம் கரப்பானுக்குக் காரணம் அதுதான் என்று நிரூபிக்காது. எண் பெரிதானால் உண்மையான ஒவ்வாமைக்கான வாய்ப்பு கூடும், சரி. ஆனால் வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை எண்ணோ பக்கத்தில் அச்சிடும் 0 முதல் 6 வரையான வகுப்போ சொல்லாது.

படி 4: சாப்பாட்டில் கை வைக்குமுன்

சாப்பிட்டுப் பழகிய உணவைத் தாளைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வளர்ச்சி குறைவது ஒரு பக்கம். அதைவிட, கரப்பான் பிள்ளைக்கு முட்டையையோ பாலையோ மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது, முன்பு தாங்கிய உடம்பு தடிப்பும் மூச்சுத் திணறலுமாக எதிர்வினை காட்டிய சம்பவங்கள் உண்டு. ஏற்கெனவே நீண்டநாள் நிறுத்தியிருந்தால், வைத்தியரைக் கேட்காமல் வீட்டில் திரும்பத் தொடங்க வேண்டாம். முதலாம் படியில் குறித்த உடனடி எதிர்வினை ஏதும் இருந்தால், எண் சின்னதாக இருந்தாலும், நெகட்டிவாகவே வந்தாலும், அந்த உணவை வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

அப்புறம் ஒன்று கேட்டேன்: "பூசுற கிரீம் எவ்வளவு முடியுது?" 50 கிராம் டியூப் ஒன்று ஒரு மாதத்துக்கும் மேல் வருகிறதாம். உடம்பெல்லாம் உலர்ந்த பிள்ளைக்கு ஈரப்பதக் கிரீம் வாரத்துக்கே 250 கிராம் அளவில் போக வேண்டும். சிவந்த இடத்துக்கு வைத்தியர் தந்த ஸ்டீரொயிட் களிம்போ, பயத்தில் மூடிகூடத் திறக்கப்படாமல் அலுமாரியில் இருந்தது. அடுத்த நாள் காலையில் அவனுக்கு முட்டை அவிந்தது. கிளினிக்குக்கு அறிக்கையோடு அந்தத் திறக்காத களிம்பையும் எடுத்துப் போகச் சொன்னேன்.